மல நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சை

மல நுண்ணுயிர் மாற்றுச் சிகிச்சை என்பது உடல்நலமுள்ள ஒருவரின் மலத்தில் வாழும் நுண்ணுயிர்களை நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் மருத்துவ முறையாகும். நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளை உட்கொண்டபின் தோன்றி, குணமான பிறகும் மீண்டும் மீண்டும் வரும் ஒருவகைப் பெருங்குடல் அழற்சிக்கே இது முதன்மையாகப் பயன்படுகிறது. இவ்வழற்சியை உண்டாக்குவது கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலி என்னும் பாக்டீரியா ஆகும். இக்கட்டுரை இந்நோய் மீண்டு வருவதற்கான காரணத்தையும், அப்போது உள்ள மருந்து வழிகளையும், மல மாற்றுச் சிகிச்சையின் செய்முறையையும் வரம்புகளையும் விளக்குகிறது. தருமபுரி போன்ற ஒரு மாவட்டத்தில் இவை எவ்வாறு அமையும் என்பது ஓர் எடுத்துக்காட்டின் வழியே இறுதியில் காட்டப்படுகிறது.

நோய்க்காரணி

டிஃபிசிலி பாக்டீரியா 1935 ஆம் ஆண்டு பிறந்த குழந்தைகளின் மலத்தில் முதன்முதலில் கண்டறியப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது கடினமாக இருந்ததால், இலத்தீன் மொழியில் 'கடினமான' எனப் பொருள்படும் பெயர் இதற்கு இடப்பட்டது. நலமான குழந்தைகளிடம் காணப்பட்டதால் இது தீங்கற்றது என நெடுங்காலம் கருதப்பட்டது. நுண்ணுயிர் எதிர்ப்பிகளை உட்கொண்டவர்களுக்கு வரும் கடுமையான பெருங்குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்பது 1978 இல்தான் உறுதியானது. முன்னர் கிளாஸ்ட்ரிடியம் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த இது, 2016 இல் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் என்னும் புதிய பேரினத்துக்கு மாற்றப்பட்டது.

இப்பாக்டீரியாவுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று வளர்ந்து பெருகும் உயிர்ப்பு வடிவம். மற்றொன்று ஸ்போர் எனப்படும் உறங்குநிலை வித்தி. உயிர்ப்பு வடிவம் நச்சு 'ஏ', நச்சு 'பி' என்னும் இரு நச்சுப் புரதங்களைச் சுரக்கிறது. இவை பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களைச் சிதைத்து, நீர்த்த வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, காய்ச்சல் ஆகியவற்றை ஏற்படுத்துகின்றன. கடுமையான நிலையில் குடற்சுவரின்மீது மஞ்சள் நிறப் படலங்கள் தோன்றுகின்றன. வித்திகள் வறட்சியையும் வயிற்று அமிலத்தையும் சாராயம் கலந்த கைத்தூய்மித் திரவத்தையும் தாங்கக்கூடியவை. நுண்ணுயிர் எதிர்ப்பிகளாலும் அவை அழிவதில்லை. நோய் மீண்டு வருவதன் வேர் இப்பண்பில் உள்ளது.

கிளிண்டாமைசின், செபிக்சிம் போன்ற செபலோஸ்போரின் வகை மருந்துகள், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளோரோகுயினலோன் வகை மருந்துகள், அமாக்சிசிலின்-கிளாவுலனேட் ஆகியவை இந்நோயுடன் அதிகம் தொடர்புடையவை. எனினும் ஏறக்குறைய எந்த நுண்ணுயிர் எதிர்ப்பியும் இதற்கு வழிவகுக்கலாம். முதுமை, மருத்துவமனையில் நீண்டநாள் தங்கல், அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்ளுதல் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன.

ஏன் மீண்டும் வருகிறது

முதல் முறை சிகிச்சை பெற்றுக் குணமடைந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோய் மீண்டும் வருகிறது. ஒருமுறை மீண்டவர்களுக்கு அடுத்த முறையும் வரும் வாய்ப்பு இதைவிட அதிகம். மருந்து முடிந்து 8 கிழமைகளுக்குள் வருவதே பொதுவாக 'மீளல்' எனக் கணக்கிடப்படுகிறது.

மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாவே இதற்குக் காரணம் எனப் பலரும் கருதுவர். பெரும்பாலான நோயாளிகளில் அவ்வாறு இல்லை. இரண்டாம் முறையும் அதே மருந்து வேலை செய்கிறது. ஆனால் நிறுத்தியதும் நோய் திரும்புகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பித்தநீரைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

கல்லீரல் சுரக்கும் பித்தநீரில் முதல்நிலைப் பித்த அமிலங்கள் உள்ளன. இவற்றுள் சில, டிஃபிசிலி வித்தி உறக்கம் கலைந்து முளைப்பதற்கான சைகையாக அமைகின்றன. நலமான பெருங்குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் இவற்றை இரண்டாம்நிலைப் பித்த அமிலங்களாக மாற்றிவிடுகின்றன. கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் என்பது அவற்றுள் நன்கு ஆராயப்பட்ட ஒன்று. இரண்டாம்நிலை அமிலங்கள் டிஃபிசிலியின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. மேலும், குடலில் நெருக்கமாக வாழும் பல நூறு வகை நுண்ணுயிர்கள் உணவையும் இடத்தையும் பங்கிட்டுக்கொள்வதால், புதிதாக முளைக்கும் ஒன்றுக்கு வளர வாய்ப்பு குறைவு.

நுண்ணுயிர் எதிர்ப்பி இந்த அயலவர்களை அழித்துவிடுகிறது. முதல்நிலைப் பித்த அமிலம் மாற்றப்படாமல் தேங்குகிறது, வித்திகள் முளைக்கின்றன, நோய் தோன்றுகிறது. இதற்குக் கொடுக்கப்படும் வான்கோமைசினும் ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பியே. அது உயிர்ப்பு வடிவத்தைக் கொன்று அறிகுறிகளை நீக்குகிறது. ஆனால் வித்திகளை விட்டுவைக்கிறது, எஞ்சியுள்ள நல்ல பாக்டீரியாக்களையும் குறைக்கிறது. மருந்து நின்றதும் காவலற்ற குடலில் வித்திகள் மறுபடி முளைக்கின்றன. எனவே மீளும் நோய்க்கான வழிகள் யாவும் இரண்டில் ஒன்றைச் செய்ய முயல்கின்றன: குடல் நுண்ணுயிர்கள் தாமாக மீளும்வரை டிஃபிசிலியை அடக்கி வைப்பது, அல்லது இழந்த நுண்ணுயிர்களை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பது.

உண்மையிலேயே மீண்டதா எனக் கண்டறிதல்

இந்நோயிலிருந்து குணமடைந்த பலருக்குச் சில கிழமைகள் அல்லது மாதங்கள்வரை குடல் எரிச்சல் நீடிக்கும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை இளகிய மலம் போகலாம். இதை நோய் மீண்டதாகக் கருதி மறுபடி வான்கோமைசின் கொடுத்தால், மீண்டுவரும் நல்ல நுண்ணுயிர்கள் காரணமின்றி அழியும். ஆகவே 24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நீர்த்த மலம் போகும்போதுதான் சோதனை செய்ய வேண்டும்.

பொதுவாகச் சோதனை இரண்டு படிகளாகச் செய்யப்படுகிறது. முதற்படியில் பாக்டீரியாவின் ஒரு நொதி மலத்தில் உள்ளதா எனப் பார்க்கப்படுகிறது; இது பாக்டீரியா இருப்பதைக் காட்டும். இரண்டாம் படியில் நச்சுப் புரதமே உள்ளதா எனப் பார்க்கப்படுகிறது. இது பாக்டீரியா நோயை உண்டாக்கும் நிலையில் இருப்பதைக் காட்டும். இரண்டும் முரண்பட்டால் நச்சு மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை உதவும். பி.சி.ஆர். மட்டும் நேர்மறையாக இருப்பது நோய்க்கு உறுதியான சான்றாகாது. பாக்டீரியாவை வெறுமனே சுமப்பவருக்கும் அது நேர்மறையாகவே வரும். சிகிச்சை முடிந்து நலமாக உள்ளவருக்கு 'குணமானதா' என அறியச் சோதனை செய்வது இதே காரணத்தால் தவிர்க்கப்படுகிறது.

தமிழகத்தில் வயிற்றுப்போக்கு என்றாலே அமீபா நோய் எனக் கருதி மெட்ரோனிடசோல் உட்கொள்வதும், கடையில் லோபரமைடு மாத்திரை வாங்கிப் போக்கை நிறுத்துவதும் வழக்கமாக உள்ளன. மெட்ரோனிடசோல் டிஃபிசிலியை ஓரளவு அடக்குவதால் நோய் சற்றுத் தணிந்து, அடையாளம் மறைந்துவிடலாம். மேலும் அதைத் திரும்பத் திரும்ப உட்கொண்டால் கை கால் நரம்புகள் பாதிக்கப்படலாம் என்பதால், மீளும் நோய்க்கு அது ஏற்றதன்று. அழற்சி கடுமையாக இருக்கும்போது லோபரமைடு கொண்டு போக்கை நிறுத்துவது குடல் வீங்கி விரிவடையும் ஆபத்தைத் தரலாம். அண்மையில் நுண்ணுயிர் எதிர்ப்பி உட்கொண்டதை மருத்துவரிடம் சொல்வதே சரியான நோயறிதலுக்கான முதற்படியாகும்.

மருந்து வழிகள்

வான்கோமைசின். இயல்பான வேளை 125 மில்லிகிராம், நாளுக்கு நான்கு முறை, 10 நாட்கள். இது வாய்வழியே உட்கொள்ளப்பட வேண்டும். நரம்பு வழியே ஏற்றப்படும் வான்கோமைசின் பெருங்குடலுக்குள் போதிய அளவு சென்றடைவதில்லை. எனவே இந்நோய்க்கு அது பயன் தராது. குளிகை கிடைக்காத இடங்களில் ஊசிக்கான தூளையே நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பர். 500 மில்லிகிராம் குப்பியை 10 மில்லிலிட்டர் தூய நீரில் கரைத்தால், 2.5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் இருக்கும். அதாவது ஒரு குப்பி ஒரு நாளின் நான்கு வேளைக்குப் போதும். கசப்பை மறைக்கப் பழச்சாற்றுடன் கலப்பதுண்டு. இக்கரைசலை மருந்தாளுநர் அல்லது செவிலியர் தயாரித்துத் தருவதே முறை.

படிப்படியாகக் குறைக்கும் முறை. நோய் மீளும்போது, வான்கோமைசினை ஒரேயடியாக நிறுத்தாமல் இறக்கும் முறை கையாளப்படுகிறது. நாளுக்கு நான்கு வேளை 10 முதல் 14 நாட்கள், பின் இரண்டு வேளை 7 நாட்கள், பின் ஒரு வேளை 7 நாட்கள், அதன்பின் இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒரு வேளை என 2 முதல் 8 கிழமைகள் எனத் தொடரும். இடைவெளி நாட்களில் வித்திகள் முளைக்கும். அடுத்த வேளை மருந்து முளைத்தவற்றைக் கொல்லும். இடையில் நல்ல நுண்ணுயிர்களும் சிறிது சிறிதாக மீளும். இதுவே இம்முறையின் அடிப்படைக் கருத்து.

ஃபிடாக்சோமைசின். இது 2011 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வேளைக்கு 200 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை, 10 நாட்கள் கொடுக்கப்படுகிறது. டிஃபிசிலியைக் கொல்வதில் வான்கோமைசினுக்கு இணையானது. ஆனால் பிற குடல் நுண்ணுயிர்களைக் குறைவாகவே தாக்குவதால் மீளல் குறைகிறது. விலை மிக அதிகம் என்பதே இதன் தடை.

பெஸ்லோடாக்சுமாப். நச்சு 'பி'யைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்புரதம். நரம்பு வழியே ஒருமுறை ஏற்றப்பட்ட இம்மருந்து 2016 இல் ஒப்புதல் பெற்றது. தயாரிப்பு நிறுவனம் 2025 சனவரியில் இதன் விற்பனையை நிறுத்திவிட்டதால், பழைய நூல்களில் காணப்பட்டாலும் இது இப்போது ஒரு தெரிவாக இல்லை.

மல மாற்றுச் சிகிச்சையின் தோற்றமும் சான்றும்

கி.பி. நான்காம் நூற்றாண்டில் சீன மருத்துவர் கே ஹோங், கடும் வயிற்றுப்போக்குக்கு மனித மலக் கரைசலைக் கொடுத்ததாகக் குறிப்புகள் உள்ளன. நவீன மருத்துவத்தில், 1958 ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்னும் அறுவை மருத்துவரும் குழுவினரும் கடுமையான குடல் அழற்சி கொண்ட நான்கு நோயாளிகளுக்கு மலக் கரைசலை ஆசனவாய் வழியே செலுத்தி, அவர்கள் தேறியதை வெளியிட்டனர். நோய்க்கு டிஃபிசிலியே காரணம் என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

சீரற்ற முறையில் நோயாளிகளைப் பிரித்து ஒப்பிடும் முதல் சோதனை நெதர்லாந்தில் நடந்து, 2013 இல் வெளியானது. நோய் மீண்டவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற் குழு சில நாட்கள் வான்கோமைசின் உட்கொண்டு, குடலைக் கழுவியபின், மூக்கு வழியே செருகிய குழாய் மூலம் சிறுகுடலுக்குள் மலக் கரைசலைப் பெற்றது. இரண்டாம் குழு வான்கோமைசின் மட்டும் பெற்றது. மூன்றாம் குழு வான்கோமைசினும் குடல் கழுவலும் பெற்றது. மல மாற்றுப் பெற்ற 16 பேரில் 13 பேர் ஒரே முறையில் குணமாயினர். எஞ்சிய மூவரில் இருவர் இரண்டாம் முறையில் குணமாயினர். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் நால்வரும், கழுவலுடன் பெற்ற 13 பேரில் மூவருமே குணமாயினர். வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருந்ததால் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. குடலைக் கழுவுவது மட்டும் பயனற்றது என்பதையும், சேர்க்கப்படும் நுண்ணுயிர்களே வேலை செய்கின்றன என்பதையும் மூன்றாம் குழு காட்டியது.

கனடாவில் நடந்து 2017 இல் வெளியான ஆய்வு, உறைய வைத்த மலத்தை அடைத்த குளிகைகளும் பெருங்குடல் உள்நோக்கி வழியாகச் செலுத்தப்பட்ட கரைசலும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தருவதைக் காட்டியது. இரு குழுக்களிலும் நூற்றுக்கு 96 பேருக்கு நோய் மீளவில்லை.

இந்தியாவில் இச்சிகிச்சை டிஃபிசிலி நோயைவிடப் புண்ணுடன் கூடிய பெருங்குடல் அழற்சி என்னும் வேறொரு நாட்பட்ட நோய்க்கே அதிகம் ஆராயப்பட்டுள்ளது. பஞ்சாபின் லூதியானாவிலுள்ள தயானந்த் மருத்துவக் கல்லூரியின் அஜித் சூத் குழுவினர் 2019 இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையைச் சேர்ந்தது. அந்நோய்க்கு மல மாற்று பலமுறை தேவைப்படுகிறது. டிஃபிசிலி நோய்க்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு முறையே போதும். இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

கொடையாளரைத் தேர்ந்தெடுத்தல்

இச்சிகிச்சையின் கடினமான பகுதி கொடையாளர் சோதனையே ஆகும். கொடையாளர் கடந்த சில மாதங்களில் நுண்ணுயிர் எதிர்ப்பி உட்கொண்டிருக்கக் கூடாது. குடல் நோய், புற்றுநோய், தன்னெதிர்ப்பு நோய், மிகுந்த உடற்பருமன் ஆகியவை உள்ளவர்கள் விலக்கப்படுவர். இரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை வைரசுகள், மேகநோய் ஆகியவற்றுக்கும், மலத்தில் டிஃபிசிலி, சால்மொனெல்லா, சிகெல்லா, நச்சு சுரக்கும் ஈ. கோலை, ஒட்டுண்ணிகள், மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் ஆகியவற்றுக்கும் சோதனை செய்யப்படும்.

இறுதியாகக் குறிப்பிட்ட சோதனை ஏன் கட்டாயமானது என்பதை 2019 ஆம் ஆண்டின் நிகழ்வு காட்டியது. அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் மலத்திலிருந்து தயாரித்த குளிகைகளைப் பெற்ற, நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய இருவருக்கு, பல மருந்துகளுக்கு அடங்காத ஈ. கோலை இரத்தத்தில் பரவியது, ஒருவர் இறந்தார். அக்குளிகைகளில் அப்பாக்டீரியா உள்ளதா எனச் சோதிக்கப்பட்டிருக்கவில்லை.

இந்தியாவில் இச்சிக்கல் இன்னும் பெரியது. செபலோஸ்போரின்களுக்கு அடங்காத ஈ. கோலையை நோயேதும் இல்லாமல் குடலில் சுமப்பவர்கள் இந்நாட்டில் ஏராளமாக உள்ளனர். அவர்களுக்கு அதனால் தொல்லை இல்லை; ஆனால் அவர்களின் மலம் நலிந்த நோயாளி ஒருவருக்குச் செலுத்தப்பட்டால் ஆபத்தாகலாம். ஜியார்டியா, கொக்கிப்புழு போன்றவற்றையும் அறிகுறியின்றிச் சுமப்போர் உண்டு. ஆகவே வீட்டில் உள்ள 'நல்ல உடம்புக்காரர்' ஒருவரைத் தேர்ந்தெடுப்பதால் பாதுகாப்பு கிடைத்துவிடாது. சோதனையின்றி வீட்டிலேயே இதைச் செய்துகொள்வது எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று.

செய்முறை

கொடையாளரின் மலம் குறைந்தது 30 கிராம், பொதுவாக 50 கிராம், அதைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு உப்புநீர்க் கரைசலில் கலக்கப்பட்டு, திப்பிகள் நீங்க வடிகட்டப்படும். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களில் பல உயிர்வளி பட்டால் இறப்பவை. எனவே மலம் கழித்த 6 மணி நேரத்துக்குள் கரைசல் பயன்படுத்தப்படவோ உறைய வைக்கப்படவோ வேண்டும். உறைய வைப்பதாயின் நூற்றுக்கு 10 பங்கு கிளிசரால் சேர்த்து, சுழியத்துக்குக் கீழ் 80 பாகை செல்சியசில் வைப்பர். கொடையாளரின் சோதனை முடிவுகள் வரும்வரை காத்திருக்க முடிவது உறைய வைப்பதன் பெரிய நன்மை.

நோயாளி சிகிச்சைக்கு முன்னர் வான்கோமைசின் உட்கொண்டு அறிகுறிகள் அடங்கிய நிலையில் இருக்க வேண்டும். செலுத்துவதற்கு ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்கு முன் அம்மருந்து நிறுத்தப்படும். இல்லையேல் புதிதாக வரும் நுண்ணுயிர்களையும் அது கொன்றுவிடும். முந்தைய நாள் மாலை, பேதி ஏற்படுத்தும் கரைசலைக் குடித்துக் குடல் தூய்மை செய்யப்படும். பின் பெருங்குடல் உள்நோக்கி வழியாகக் கரைசல் பெருங்குடலின் தொடக்கப் பகுதிவரை செலுத்தப்படும். உள்நோக்கலுக்கு உடல் இடங்கொடாத முதியவர்களுக்கு ஆசனவாய் வழிப் பீச்சலோ குளிகையோ ஏற்றது. பீச்சல் ஒரே முறையில் போதாமல் திரும்பச் செய்ய நேரலாம். மூக்குக் குழாய் வழியில் கரைசல் மேலேறி நுரையீரலுக்குள் செல்லும் ஆபத்து உண்டு.

முதல் நாள் வயிற்று உப்புசமும் சிறு வலியும் இளம் போக்கும் இயல்பு. காய்ச்சல், கடும் வயிற்றுவலி, மயக்கம் ஆகியவை இயல்பல்ல. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 8 கிழமைகள் நோய் வராதிருந்தால் சிகிச்சை வெற்றி எனக் கொள்ளப்படும்.

ஆயத்த மருந்துப் பொருட்கள்

கொடையாளர் மலத்திலிருந்து தொழிற்சாலை முறையில் தயாரிக்கப்பட்ட இரு பொருட்கள் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஆசனவாய் வழியே ஒருமுறை செலுத்தப்படும் ரீபையோட்டா 2022 நவம்பரிலும், வாய்வழிக் குளிகையான வவுஸ்ட் 2023 ஏப்பிரலிலும் ஒப்புதல் பெற்றன. வவுஸ்ட் நாளுக்கு 4 குளிகை என 3 நாட்கள் உட்கொள்ளப்படும். இதில் மலம் சாராயத்தால் பதப்படுத்தப்பட்டு, வித்தி வடிவில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் மட்டும் எஞ்சவிடப்படுகின்றன. டிஃபிசிலி பிழைக்கப் பயன்படுத்தும் அதே உத்தியை அதற்கு எதிராகவே திருப்புவது இம்மருந்து. இதன் சோதனையில் 8 கிழமைகளுக்குள் நோய் மீண்டவர்கள் நூற்றுக்கு 12 பேர்; வெற்றுக் குளிகை பெற்றவர்களில் 40 பேர்.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்டது. உண்மையான நோயாளி எவரையும் குறிப்பதன்று.

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு அருகே ஒரு சிற்றூரில் வாழும் 64 வயதுப் பெண்மணி, பல்வேர்ச் சீழுக்காகக் கிளிண்டாமைசின் 7 நாட்கள் உட்கொள்கிறார். ஆறாம் நாள் முதல் நாளுக்கு எட்டு முறை நீர்த்த மலம் போகிறது. மருந்துக்கடையில் வாங்கிய மெட்ரோனிடசோலால் இரண்டு நாள் தணிந்து, பின் காய்ச்சலுடன் திரும்புகிறது. தருமபுரியில் மருத்துவமனைக்குச் செல்கையில் பல் சிகிச்சையைப் பற்றி மகன் கூறுகிறார். மருத்துவர் மலத்தை டிஃபிசிலி சோதனைக்கு அனுப்புகிறார். நொதியும் நச்சும் நேர்மறை. வெள்ளணுக்கள் 13,000, கிரியாட்டினின் 0.9. வெள்ளணுக்கள் 15,000 ஐ எட்டினாலோ, கிரியாட்டினின் 1.5 ஐ விஞ்சினாலோ கடும் நோய் எனக் கொள்வர். இவருக்கு அவ்வளவு இல்லை. வான்கோமைசின் கரைசல் 10 நாட்கள், நாளுக்கு ஒரு குப்பி வீதம் 10 குப்பிகள். நான்காம் நாளே போக்கு நிற்கிறது.

மருந்து முடிந்த 12 ஆம் நாள் நோய் திரும்புகிறது. சோதனை மீண்டும் நச்சைக் காட்டுகிறது. இது முதல் மீளல். இப்போது படிப்படியாகக் குறைக்கும் முறை தொடங்கி, ஏறத்தாழ 8 கிழமைகள் நீடிக்கிறது. நீண்டகாலமாக உட்கொண்டுவந்த அமிலக் குறைப்பு மாத்திரை தேவையற்றது எனக் கண்டு நிறுத்தப்படுகிறது. கடைசி வேளை முடிந்து மூன்று கிழமைகளில் மூன்றாம் முறையாக நோய் வருகிறது. இது இரண்டாம் மீளல். மல மாற்றுச் சிகிச்சையைக் கருத வேண்டிய நிலை என வழிகாட்டிகள் பொதுவாகச் சொல்வது இதையே.

தருமபுரியிலிருந்து சேலம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர், பெங்களூரு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இச்சிகிச்சை எல்லா இரைப்பை-குடலியல் பிரிவுகளிலும் செய்யப்படுவதில்லை. எனவே கொடையாளரைச் சோதிக்கும் ஏற்பாடு உள்ளதா எனத் தொலைபேசியில் கேட்டறிந்தபின் புறப்படுவது நல்லது. இவ்வெடுத்துக்காட்டில் மகன் கொடையாளராக முன்வருகிறார். அவர் மலத்தில் மருந்துக்கு அடங்காத ஈ. கோலை இருப்பதால் விலக்கப்படுகிறார். அவருக்கு நோய் ஏதும் இல்லை, சிகிச்சையும் தேவையில்லை. தம்பி மகள் எல்லாச் சோதனைகளிலும் தேறுகிறார். முடிவுகள் வரும் நாட்களில் நோயாளி வான்கோமைசினைத் தொடர்கிறார். செலுத்துவதற்கு இரண்டு நாள் முன் நிறுத்துகிறார். உள்நோக்கி வழியாக 250 மில்லிலிட்டர் கரைசல் செலுத்தப்படுகிறது. மறுநாள் வீடு திரும்புகிறார்.

இரண்டாம் கிழமையில் ஒருநாள் இரண்டு முறை இளகிய மலம் போகிறது. மூன்று முறைக்குக் குறைவு, காய்ச்சல் இல்லை என்பதால் மருத்துவர் சோதனை செய்யாமல் காத்திருக்கச் சொல்கிறார், தானே சரியாகிறது. 8 கிழமைகள் கடந்தபின் வெற்றி எனப் பதியப்படுகிறது. நான்காம் மாதம் சிறுநீர்த் தொற்று வந்தபோது, தமக்கு டிஃபிசிலி நோய் வந்ததை அவர் முதலிலேயே கூறுகிறார். மருத்துவர் ஆபத்துக் குறைந்த மருந்தைக் குறைந்த நாட்களுக்குத் தருகிறார்.

மல மாற்று கிடைக்காத அல்லது பலனளிக்காத நிலையில், வான்கோமைசின் 125 மில்லிகிராமை நாளுக்கு ஒரு வேளை நீண்டகாலம் கொடுத்து நோயை அடக்கி வைப்பதும் ஒரு வழியாகும். அது நோயைத் தீர்ப்பதில்லை.

வரம்புகள்

மல மாற்று, மீளலைத் தடுப்பதற்கான சிகிச்சை. வயிறு கடுமையாக வீங்கி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, மலம் போவதே நின்றுவிடும் அதிதீவிர நிலையில் முதலில் தேவைப்படுவது உயர்ந்த அளவு வான்கோமைசின், நரம்பு வழி மெட்ரோனிடசோல், அறுவை மருத்துவரின் கண்காணிப்பு ஆகியவையே. நோயெதிர்ப்பு ஆற்றல் மிகக் குன்றியவர்களுக்கு மல மாற்றைத் தவிர்ப்பதே பொதுவழக்கு. வெற்றிக்குப் பின்னும், புதிய நுண்ணுயிர் எதிர்ப்பி ஒன்று அதே நிலையை மீண்டும் உருவாக்கக்கூடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

நோயாளியின் மலத்தில் வெளியேறும் வித்திகள் கழிப்பறையிலும் கைப்பிடிகளிலும் தங்கி, அவருக்கோ பிறருக்கோ திரும்பச் சென்றடையலாம். சாராயம் கலந்த கைத்தூய்மி அவற்றைக் கொல்லாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு தேய்த்துக் கழுவினால் அவை கையிலிருந்து அடித்துச் செல்லப்படும். கழிப்பறையைச் சலவைத்தூள் எனப்படும் பிளீச்சிங் தூள் கரைசலால் துடைப்பது வித்திகளை அழிக்கும்.

இந்தியாவில் 2014 முதல் எச்1 பட்டியல் மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்றவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். செபிக்சிம் உள்ளிட்ட மூன்றாம் தலைமுறைச் செபலோஸ்போரின்கள் அப்பட்டியலில் உள்ளன. இந்நோயை ஒருமுறை கண்டவர், எந்த மருந்துக்குப் பின் நோய் வந்தது, எந்த நாளில் வந்தது, எத்தனை முறை மீண்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதி மருந்துச் சீட்டுடன் வைத்திருந்தால், அடுத்து அவரைப் பார்க்கும் மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.